முதல் நடையிலேயே முடிந்த வேலை

(மின் பணி, வீட்டு உபயோகப் பொருள் சர்வீஸ் மையங்களின் உரிமையாளர்கள், மேற்பார்வையாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் பத்து, இருபது டெக்னீஷியன்களை வைத்து வேலை வாங்குகிறவர்கள். மாதக் கடைசியில் உங்கள் மேஜைக்கு ஒரு தாள் வரும். ஒவ்வொரு ஆளின் பெயருக்கும் நேராக மூன்று கட்டங்கள் இருக்கும். முதல் நடையிலேயே எத்தனை வேலை முடித்தார், வாடிக்கையாளர் எத்தனை ஸ்டார் போட்டார், பாதுகாப்புக்கு எத்தனை மார்க். மூன்றையும் கூட்டி யாருக்கு இன்சென்டிவ், யாருக்கு டோஸ் என்று முடிவு செய்துவிடுகிறோம். இந்த மூன்று கட்டங்களும் ஒன்றையொன்று எப்படி ஏமாற்றுகின்றன என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். அதற்கு ஒரே ஒரு கம்ப்ளெயின்டை எடுத்துக்கொள்கிறேன்.

கம்ப்ளெயின்ட் நீங்கள் வாரத்துக்கு நாலு தடவை கேட்பதுதான்: “காலையில கரண்ட் அடிக்கடி விழுது சார். மெயின் பாக்ஸ்ல அந்தப் பெரிய சுவிட்ச் தானா கீழ இறங்கிடுது.” இறங்குவது ஆர்.சி.சி.பி. வீட்டில் பொருத்துவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. ஃபேஸ் வழியாகப் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால், போனதில் ஒரு பகுதி எர்த் வழியாகவோ ஒரு மனித உடம்பு வழியாகவோ கசிகிறது என்று பொருள். கசிவு 15 மில்லி ஆம்பியர் வரை அது விழக்கூடாது. 30-ஐத் தொட்டால் விழுந்தே ஆக வேண்டும். நடுவில் விழலாம், விழாமலும் இருக்கலாம். “சில நாள் விழுது, சில நாள் விழமாட்டேங்குது” என்று வாடிக்கையாளர் குழம்புவது பல நேரங்களில் இந்த இடைவெளியில்தான்.

இந்த வீட்டுக்கு நம்மிடமிருந்து வேகக்காரர் ஒருவர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். போவது மாலை ஐந்து மணிக்கு. சுவிட்சைத் தூக்கிவிடுகிறார், நிற்கிறது. ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ் எல்லாம் போட்டுப் பார்க்கிறார், விழவில்லை. என்ன கோளாறு என்று தெரியவில்லை. அடுத்த கால் வேறு காத்திருக்கிறது. ஆர்.சி.சி.பி.யின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் மேல் முனையிலிருந்து கீழ் முனைக்கு வயர் போட்டு டைரக்ட் பண்ணிவிடுகிறார். “ட்ரிப்பர் வீக் ஆயிடுச்சும்மா, இனிமே விழாது” என்கிறார். இருபது நிமிடம். அந்த அம்மாவுக்குச் சந்தோஷம், அஞ்சு ஸ்டார்.

அதே வீட்டுக்கு நிதானக்காரர் போயிருந்தால் முதலில் கேட்டிருப்பார்: “எப்போ விழுதும்மா? அந்த நேரத்துல வீட்ல என்னென்ன ஓடிட்டிருக்கும்?” காலை ஆறரைக்கு, கீசர் போட்டுக் கொஞ்ச நேரத்தில் என்று பதில் வருகிறது. மாலை ஐந்து மணிக்குக் கீசர் ஓடாது, அதனால்தான் கோளாறும் தெரியாது. மெயினை இறக்கி, கீசரின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெகர் வைத்து எர்த்துக்கு அளக்கிறார். குறைந்தது ஒரு மெகாஓம் எதிர்பார்க்கும் இடத்தில் முள் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது. மல்டிமீட்டரில் பார்த்தால் 12 கிலோஓம். 230-ஐ 12 ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள், சுமார் 19 மில்லி ஆம்பியர் வரும். கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் ஃபில்டர்கள் வழியாக எப்போதும் இருக்கும் சிறு கசிவும் சேர்ந்தால் கூட்டுத்தொகை ஒரு நாள் 22, இன்னொரு நாள் 26. சில காலைகளில் மட்டும் விழுவதன் காரணம் இதுதான். போர்வெல் உப்புத் தண்ணீர் அரித்து ஹீட்டர் காயிலின் உறையில் கீறல் விழுந்திருக்கிறது.

காயில் மாற்ற வேண்டும். கீசருக்குக் கீசர் காயிலின் அளவும் பிளேட்டும் வேறு, பையில் அந்த மாடல் இல்லை. கீசர் லைனை மட்டும் பிரித்து, முனைகளை மூடி, “காயில் மாத்துற வரைக்கும் இதப் போடாதீங்க, மத்ததெல்லாம் ஓடும்” என்று சொல்லிவிட்டு வருகிறார். ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது, வேலையும் முடியவில்லை. மறுநாள் காலை வெந்நீர் இல்லாமல் குளித்த வீட்டுக்காரர் மூன்று ஸ்டார் போடுகிறார்.

இப்போது உங்கள் தாளைப் பாருங்கள். முதல் நடை முடிவு: வேகக்காரருக்கு ஆம், நிதானக்காரருக்கு இல்லை. வாடிக்கையாளர் மதிப்பீடு: வேகக்காரருக்கு ஐந்து, நிதானக்காரருக்கு மூன்று. பாதுகாப்பு: இருவர் மீதும் விபத்து எதுவும் பதிவாகவில்லை, இருவருக்கும் முழு மார்க். எந்தக் கட்டத்தில் பார்த்தாலும் வேகக்காரர் பின்தங்கவில்லை.

வேகக்காரர் போன அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீசர் போடும்போதெல்லாம் 19 மில்லி ஆம்பியர் எர்த் வயர் வழியாக ஓடுகிறது. கீறல் பெரிதாகப் பெரிதாக அது நூறாகலாம், ஐந்நூறாகலாம். கீசருக்குப் போட்ட 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இதெல்லாம் கணக்கிலேயே வராது, அது விழாது. எர்த் நன்றாக இருக்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. கோடையில் எர்த் குழி காய்ந்தாலோ, பிளக்கின் எர்த் பின் தளர்ந்தாலோ, அந்த மின்னோட்டத்துக்கு வேறு வழி வேண்டும். ஈரத் தரையில் நின்று குழாயைத் திறக்கிறவர்தான் அந்த வழி.

பல மேற்பார்வையாளர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். “நாங்க முப்பது நாள் பார்க்கிறோம் சார். அதே கம்ப்ளெயின்ட் திரும்ப வந்தா முதல் நடைக் கணக்கிலிருந்து கழிச்சிடுவோம்.” நல்ல முறைதான். வேலையை அரைகுறையாக முடித்துவிட்டு வருகிறவரை அது பிடித்துவிடும். ஆனால் ஆர்.சி.சி.பி.யை டைரக்ட் பண்ணின வீட்டில் முப்பது நாளில்லை, முந்நூறு நாளானாலும் கரண்ட் விழாது. ரிப்பீட் கம்ப்ளெயின்ட் வராது. காப்புக் கருவியைச் சாகடித்தவருக்கு அந்த முப்பது நாள் விதியும் சேர்ந்து மார்க் போடுகிறது.

இந்த இடத்தில் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், ஏனென்றால் எண்ணைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேச்சுக்காக, இருவருக்கும் மாதம் எண்பது கால். வேகக்காரர் அறுபதை முதல் நடையில் முடித்தார், 75 சதவீதம். நிதானக்காரர் ஐம்பது, 62.5 சதவீதம். முப்பது நாள் கழித்துத் திரும்பி வந்தவற்றைக் கழித்தால், வேகக்காரருக்கு ஒன்பது போய் 51, நிதானக்காரருக்கு இரண்டு போய் 48. இப்போது 64, 60. பெரிய இடைவெளி சின்னதாகிவிட்டது. எண்பது காலில் நாலு சதவீதம் என்பது மூன்று வீடுகள். அடுத்த மாதம் அது அப்படியே தலைகீழாகலாம், அதை வைத்து ஒருவரை உயர்த்தவோ தாழ்த்தவோ முடியாது.

அடுத்து, முடியாமல் போனவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். நிதானக்காரருக்கு முடியாத முப்பதில் பதினாலுக்குப் பார்ட்ஸ் இல்லை. ஐந்து வீடு பூட்டியிருந்தது. நாலில் கால் எடுத்த அலுவலகம் கம்ப்ளெயின்டைத் தவறாக எழுதியிருந்தது, ஏ.சி. கூலிங் இல்லை என்று எழுதியிருக்கும், போனால் வீட்டில் ஒரு ஃபேஸே வராது. இந்த 23-உம் அவர் கையில் இல்லை. மிச்சம் 57-க்கு 48, 84 சதவீதம். வேகக்காரருக்கு அப்படிக் கழிக்கக் கிடைப்பது ஆறுதான். 74-க்கு 51, 69 சதவீதம். தாளில் மேலே இருந்தவர் கீழே வந்துவிட்டார்.

“பார்ட்ஸ் இல்லை” என்று எழுதினால் கழித்துவிடுவார்கள் என்று தெரிந்தால், எல்லோரும் அதையே எழுதுவார்களே என்று நீங்கள் கேட்கலாம். எழுதுவார்கள். அதற்கு இரண்டு இடங்களில் பாருங்கள். கிளம்புவதற்கு முன் வாடிக்கையாளருக்குப் போன் செய்து மாடலும் அறிகுறியும் கேட்டாரா? கேட்டிருந்தால் ஃபேன் கெப்பாசிட்டரும் சாதாரண கான்டாக்டரும் பையில் இருந்திருக்க வேண்டும். அவை இல்லை என்றால் அது அவர் குறை. இரண்டாவது, இல்லை என்று எழுதிய பார்ட்ஸுக்கு அன்றே ஸ்டோரில் இண்டென்ட் விழுந்ததா? விழாவிட்டால் அந்த வரி சாக்கு. இன்னொன்றும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒருவருக்குப் பார்ட்ஸ் தேவைப்படுவதே இல்லை என்றால் அவரைப் பாராட்டும் முன் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பழைய கீசர்களும் உப்புத் தண்ணீரும் நிறைந்த ஏரியாவில் காயில் இண்டென்டே போடாமல் எல்லா ட்ரிப் கம்ப்ளெயின்டையும் முடித்தவர் எப்படி முடித்தார்?

க்ளோஸ் பண்ணும்போது நம் ஆப்பில் “முடிந்தது”, “முடியவில்லை” என்று இரண்டே வாய்ப்பு இருப்பது பாதிக் குழப்பத்துக்குக் காரணம். மூன்றாவதாக “பாதுகாப்பாகப் பிரித்து வைக்கப்பட்டது” என்று ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் மீட்டர் அளவின் படம் கட்டாயம், வாடிக்கையாளரிடம் என்ன சொன்னார் என்று ஒரு வரி கட்டாயம். இந்த வகையை முதல் நடை சதவீதத்தின் தொகுதியிலும் சேர்க்காதீர்கள், பகுதியிலும் சேர்க்காதீர்கள். தனியாக எண்ணுங்கள். நிதானக்காரருக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தை வைக்க இப்போதுதான் ஓர் இடம் கிடைக்கிறது.

இனி ஸ்டாருக்கு வருகிறேன். ஓ.டி.பி. வாங்கும்போதே “சார், அஞ்சு போட்டுடுங்க, சம்பளத்துல பிடிச்சிடுவாங்க” என்று நம் ஆள் கேட்பது எல்லோருக்கும் தெரியும். அப்படி வாங்கிய ஸ்டார் அவர் நடத்தையைச் சொல்வதில்லை, வீட்டுக்காரரின் இரக்கத்தைச் சொல்கிறது. வாரண்டி முடிந்து பில் போட்ட வீட்டிலிருந்து வரும் ஒரு ஸ்டார் பெரும்பாலும் பில்லின் மேல் உள்ள கோபம். இரண்டையும் சராசரி போட்டு 4.3 என்று எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று நாலு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்யட்டும். “எப்படி நடந்துகிட்டார்?” என்று கேட்க வேண்டாம், அதற்கு “நல்லாத்தான்” என்பதுதான் பதில். நடந்ததைக் கேளுங்கள். வருவதற்கு முன்னால் போன் செய்தாரா? வேலை தொடங்கும் முன் என்ன கோளாறு, எவ்வளவு ஆகும் என்று சொன்னாரா? போகும்போது ஓட விட்டுக் காட்டினாரா? கழற்றிய பழைய பார்ட்ஸைக் காட்டினாரா? ஆம், இல்லை என்று வரும் பதில்கள் இவை. எரிச்சலில் இருப்பவர்கூட இதற்குச் சரியாகத்தான் சொல்வார்.

நம் ஊர் வீடுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. செருப்பு, ஷூ எதுவானாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாம் டெக்னீஷியனுக்கு ரப்பர் சோல் ஷூ வாங்கித் தருகிறோம். அவர் அதை வாசலில் விட்டுவிட்டு, அப்போதுதான் துடைத்த ஈரத் தரையில் வெறுங்காலோடு டி.பி. பாக்ஸ் முன்னால் நிற்கிறார். மரியாதை தெரிந்தவர் என்று வீட்டுக்காரர் ஐந்து போடுவார். ஷூவோடு உள்ளே வரலாமா என்று கேட்டவருக்கு முகச்சுளிப்பும் மூன்று ஸ்டாரும். ஒரே செயல் நடத்தைக் கட்டத்தில் நல்லதாகவும் பாதுகாப்புக் கட்டத்தில் கெட்டதாகவும் விழுகிறது. அதைத் தீர்க்க வேண்டியவர் அந்தப் பையன் இல்லை, நீங்கள்தான். வீட்டுக்குள் மட்டும் போடுகிற, சுத்தமான ரப்பர் சோல் ஷூ ஒரு ஜோடியும், மடித்து எடுத்துப்போகும் இன்சுலேட்டிங் மேட் ஒன்றும் பையில் இருக்கட்டும். கால் புக் ஆகும்போதே வாடிக்கையாளருக்குப் போகும் மெசேஜில் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் வெறுங்காலோடு நின்றால் அவரைக் கேட்கலாம்.

நடத்தை என்பதில் இன்னொன்றையும் நான் சேர்ப்பேன்: மறுக்கத் தெரிவது. “தம்பி, எப்படியாவது இன்னிக்கு ஓட வச்சிட்டுப் போப்பா, விருந்தாளி வர்றாங்க” என்று வயதான ஒருவர் கேட்கும்போது, “ஐயா, இத நான் அப்படியே விட்டுட்டுப் போனா உங்களுக்குத்தான் ஆபத்து, நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள பார்ட்ஸோட நானே வர்றேன்” என்று குரல் உயராமல் சொல்வது சின்னத் திறமை இல்லை. அதற்கு ஸ்டார் குறையும். தொலைபேசிக் கேள்விகளில் “ஏதாவது செய்ய மறுத்தாரா, ஏன் என்று சொன்னாரா?” என்று ஒன்றைச் சேர்த்தால் மட்டுமே அது உங்கள் கண்ணுக்கு வரும்.

பாதுகாப்புக்கு வருவோம். விபத்தை எண்ணுவதில் பயனில்லை. விபத்து அபூர்வம், ஐந்து வருடம் தவறாகவே வேலை செய்தவருக்கும் பூஜ்யம்தான் இருக்கும். பார்க்க வேண்டியது கைப்பழக்கம். அதற்கு மேற்பார்வையாளர் சொல்லாமல் போய்ப் பக்கத்தில் நின்று ஒரு வேலையை முழுக்கப் பார்க்க வேண்டும், வேறு வழி கிடையாது. மூன்று மாதத்துக்கு ஓர் ஆளுக்கு இரண்டு முறை போதும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம், ஒன்றை மட்டும் கூர்ந்து பாருங்கள்: மின்சாரம் இல்லை என்று அவர் எப்படி முடிவுக்கு வருகிறார்?

மெயினை இறக்கிவிட்டு, சட்டைப் பையில் இருக்கும் டெஸ்டரை வைத்து, எரியவில்லை என்றதும் கை வைப்பவர்தான் அதிகம். அந்த நியான் டெஸ்டர் எரியாததற்கு மின்சாரம் இல்லாதது ஒரு காரணம்தான். டெஸ்டரே போயிருக்கலாம், பகல் வெளிச்சத்தில் தெரியாமல் போயிருக்கலாம், மர ஸ்டூல் மேல் நிற்பதால் மங்கலாக எரியலாம். சரியான முறையில் மூன்று படி இருக்கிறது. இரண்டு முனை உள்ள டெஸ்டரையோ மல்டிமீட்டரையோ முதலில் மின்சாரம் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யும் இடத்தில். பிறகு மறுபடி முதல் இடத்தில், மீட்டர் நடுவில் சாகவில்லை என்று உறுதி செய்ய. கூடுதலாக ஒரு நிமிடம் ஆகும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இது இல்லாமல் வேலையே செய்யக்கூடாது. மெயின் இறங்கியதும் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும், ஹால் லைனிலும் பெட்ரூம் லைனிலும் அதே 230 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். மெயினை இறக்கியவர் இன்வெர்ட்டர் எங்கே என்று கேட்டாரா என்பதைப் பார்த்தாலே அவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

பக்கத்தில் நிற்கும்போது எல்லோரும் ஒழுங்காகத்தான் செய்வார்கள், இது உண்மை. ஆனால் தெரிந்தும் செய்யாதவர் யார், தெரியாமலே செய்யாதவர் யார் என்பது அப்போது பிரிந்துவிடும். தெரியாதவருக்கு மார்க் குறைத்துப் பயனில்லை, சொல்லிக்கொடுங்கள். தெரிந்தும் செய்யாதவரைப் பிடிக்க, முடிந்த வேலைகளில் இருபதுக்கு ஒன்றைக் குலுக்கி எடுத்து வேறொருவரை அனுப்பி டி.பி.யைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ட்ரிப் கம்ப்ளெயின்டுகளில் மட்டும் ஐந்துக்கு ஒன்று. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். வயர்களைக் குறுக்கே போட்டிருந்தால் பட்டனை அழுத்தும்போது கருவியே விழக்கூடும், ஆனால் மின்சாரம் அந்த வயர்கள் வழியே போய்க்கொண்டிருக்கும். விழுந்த பிறகு வெளி முனையில் மின்சாரம் நின்றதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு மார்க்கை எப்படிச் சேர்ப்பது? பாதுகாப்புக்கு இருபது மார்க் என்று வைத்துக் கூட்டினால், டைரக்ட் பண்ணினவர் அந்த இருபதை இழந்தும் எண்பதோடு முதலிடத்தில் நிற்பார். ஆகவே சில தவறுகள் மீதி இரண்டு கட்டங்களையும் அழித்துவிட வேண்டும். அந்தப் பட்டியல் மிகச் சிறியதாக இருக்கட்டும். காப்புக் கருவியை டைரக்ட் பண்ணுவது, எர்த்தைக் கழற்றி விடுவது, ஃபியூஸுக்குப் பதில் தடித்த கம்பி போடுவது, எடுக்காத அளவை எடுத்ததாக எழுதுவது. கையுறை போடாதது, ஏணியைச் சரியாகச் சாய்க்காதது எல்லாம் இதில் வராது. அவை பேசித் திருத்த வேண்டியவை. பட்டியலை நீட்டினால் யாருமே தேற மாட்டார்கள், பிறகு யாரும் அதை மதிக்கவும் மாட்டார்கள்.

அந்த ஆளோடு உட்காரும்போது சராசரியை மேஜையில் வைக்காதீர்கள். மூன்று வேலைகளை முழுசாக வையுங்கள்: ஒன்று நன்றாக முடிந்தது, ஒன்று திரும்பி வந்தது, ஒன்று அவரே தேர்ந்தெடுத்தது. “இந்த ட்ரிப் கால்ல என்ன பண்ணினேன்னு சொல்லுப்பா” என்றால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒருவர் என்னிடம் சொன்ன பதிலை உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்: “அண்ணே, ஒரு நாளைக்குப் பன்னெண்டு கால் குடுக்கறீங்க. மெகர் வச்சுப் பார்த்தா ஏழுதான் முடியும். எத விடணும்னு நீங்களே சொல்லுங்க.” அவர் கேட்டதற்கு மேற்பார்வையாளரின் தாளில்தான் பதில் இருக்க வேண்டும். ட்ரிப் கம்ப்ளெயின்டையும் ஃபேன் கெப்பாசிட்டர் மாற்றுவதையும் ஒரே கால் என்று எண்ணி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பவரையும் மதிப்பிடுங்கள்.

கடைசியாக, நாளைக்கே நடக்கக்கூடிய ஒன்று. குலுக்கி எடுத்த வீட்டில் டைரக்ட் பண்ணின ஆர்.சி.சி.பி. ஒன்று கிடைத்துவிட்டது. என்ன செய்வீர்கள்? அந்த வீட்டை அன்றே சரிசெய்வீர்கள், அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்பீர்கள். அது மட்டும் போதாது. கடந்த ஆறு மாதத்தில் அவர் முடித்த எல்லா ட்ரிப் கம்ப்ளெயின்டுகளின் பட்டியலையும் எடுங்கள், முப்பது வீடோ நாற்பது வீடோ இருக்கும். கீசர் உள்ள வீடுகளை முதலில் வைத்து ஒவ்வொன்றாகப் போய்த் திறந்து பாருங்கள். அவரையே உட்கார வைத்து, எந்தெந்த வீட்டில் செய்தீர்கள் என்று கேட்டால் வேலை பாதியாகும். ஆனால் அந்தச் செலவை அவர் சம்பளத்தில் பிடிப்பீர்கள் என்று தெரிந்தால் அவர் இரண்டு வீட்டைச் சொல்லி மீதியை மறைத்துவிடுவார். அதனால் செலவு கம்பெனியுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பிறகு பேப்பரையும் பேனாவையும் அவரிடம் கொடுங்கள்.